நாஸை டொமைன்ல சேர்த்து ஒபிஸ் முழுக்க ஒரே லாகின்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் சின்னச் சின்ன ஒபிஸ்களுக்கு நெட்வேர்க் வேலை பாக்குறேன். ஒபிஸ் ஃபைல் எல்லாம் இருக்கிற நெட்வேர்க் பெட்டியான நாஸை டொமைன்ல சேர்க்குற விஷயத்துல மட்டும் திரும்பத் திரும்ப அதே சந்தேகம்தான் வருது, வாட்ஸ்அப்ல வொய்ஸ் மெசேஜ் போட்டு போட்டு தொண்டை காஞ்சதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு ஹட்டன் டவுன்ல நான் செஞ்ச 14 பேர் இருக்கிற ஒரு ஒபிஸை எடுத்துக்கிறேன், பேர்களை மட்டும் மாத்தியிருக்கேன். சர்வர் பேர் `dc01`, ஐபி 192.168.10.5. நாஸ் பேர் `nas01`, ஐபி 192.168.10.6. ரவுட்டர் 192.168.10.1. டொமைன் `office.example.lk`, அதோட சின்னப் பேர் `OFFICE`. உங்க ஒபிஸுக்கு ஏத்த மாதிரி மாத்திப் படிங்க.

அண்ணே, நாஸ்ல இப்பவே எல்லாருக்கும் யூசர் நேம் பாஸ்வேர்ட் இருக்கே, டொமைன்ல சேர்த்தா புதுசா என்ன கிடைக்கும்?

இப்ப உங்க ஒபிஸ்ல ஒரு ஆளுக்கு ரெண்டு கணக்கு இருக்கு. கொம்பியூட்டர்ல லாகின் ஆக ஒண்ணு, நாஸ் ஃபோல்டரைத் திறக்க இன்னொண்ணு. ஒரு பக்கம் பாஸ்வேர்டை மாத்தினா மறுபக்கத்துக்கு அது தெரியாது. ஒரு ஆள் வேலையை விட்டுப் போனா ரெண்டு இடத்துலயும் நிப்பாட்டணும், பெரும்பாலும் நாஸ்ல நிப்பாட்ட மறந்துடுறாங்க. அந்த ஹட்டன் ஒபிஸ்ல நான் போய்ப் பாத்தப்ப வேலையை விட்டுப் போன நாலு பேரோட கணக்கு நாஸ்ல இன்னும் உயிரோட இருந்துச்சு, அதுல ஒண்ணு கணக்குப் பகுதி ஃபோல்டரையே திறக்கும்.

டொமைன்ல சேர்த்தா டொமைன் கணக்குகளுக்கு நாஸ் தனியா பாஸ்வேர்ட் வச்சிருக்காது. யார் வந்து கதவைத் தட்டினாலும் இவர் யாருங்கிறதுக்கு டொமைன் கன்ட்ரோலர், அதாவது டிசி, சொல்றதைத்தான் நம்பும். அதனால காலையில கொம்பியூட்டர்ல ஒரு தடவை லாகின் ஆனா போதும், நாஸ் மறுபடி கேக்காது. ஆனா எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம்ங்கிறது மட்டும் நாஸ்லதான் இருக்கும், அதை டிசி வந்து செஞ்சு தராது. இந்த வித்தியாசத்தைப் புடிச்சுக்கிட்டீங்கன்னா கீழ வர்ற பாதி கேள்வி உங்களுக்கு வராது.

எங்ககிட்ட மைக்ரோசொஃப்ட் 365 ஈமெயில் இருக்கு, அந்த லாகினையே நாஸுக்குப் போட்டா ஆகாதா? எதுக்கு சர்வர்?

நேரடியா ஆகாது. 365க்குப் பின்னாடி இருக்கிறது எண்ட்ரா ஐடி, அது வெப் வழியா லாகின் ஆகுறதுக்குச் செஞ்சது. விண்டோஸ்ல ஃபோல்டர் திறக்கும்போது நடக்கிற எஸ்எம்பி பேச்சுக்கு, ஆள் யாருன்னு உறுதி பண்ற முறையா கெர்பரோஸ் இல்லாட்டி என்டிஎல்எம் வேணும், நாஸ் அதைக் கேட்டு டொமைன்ல சேரும்போது எண்ட்ரா ஐடி தனியா நின்னு பதில் சொல்லாது. எண்ட்ரா டொமைன் சர்வீசஸ்னு தனியா காசு கட்டி எடுத்து, ஒபிஸ்ல இருந்து அதுக்கு விபிஎன் போட்டா முடியும், ஆனா 14 பேருக்கு மாசா மாசம் அந்த டொலர் பில் கட்டுறது எனக்கு நியாயமாப் படல, அதோட லைன் அறுந்தா ஃபோல்டரும் சிக்கல்.

சில நாஸோட வெப் பக்கத்துக்குள்ள 365 லாகினோட நுழையலாம், அதைப் பாத்துட்டு ஆச்சுன்னு நினைச்சுடாதீங்க, ஃபோல்டருக்கு அது உதவாது. சின்ன ஒபிஸுக்கு விண்டோஸ் சர்வர்ல ஒரு ஆக்டிவ் டைரக்டரி, இல்லாட்டி லைசன்ஸ் காசு இல்லாம சம்பாங்கிற சொஃப்ட்வேர் வச்ச ஒரு டிசி, இது ரெண்டுல ஒண்ணுதான் நான் சொல்வேன். நாஸைப் பொறுத்தவரைக்கும் சேர்க்குற வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

சேர்க்குறதுக்கு முன்னாடி என்னென்ன சரி பார்த்து வைக்கணும்?

பேரைக் கேட்டா ஐபியைச் சொல்ற டிஎன்எஸ்ஸும், டைமும். இது ரெண்டும் சரியா இருந்தா சேர்க்குறது ரெண்டு நிமிஷ வேலை, ஒண்ணு பிழைச்சாலும் அன்னைக்கு முழுக்க உக்காந்திருப்பீங்க, ரெண்டுக்கும் கீழ தனித்தனியா எழுதியிருக்கேன்.

அதுக்கு மேல மூணு சின்ன வேலை. நாஸுக்கு மாறாத ஐபி குடுங்க. நாஸோட பேர் 15 எழுத்துக்குள்ள இருக்கணும், பழைய நெட்பயோஸ் கணக்கு அது, `hatton-office-nas-01` மாதிரி நீட்டினா வெட்டுப்பட்டு சிக்கலாகும். மூணாவது, நாஸ்லயே இருக்கிற ஒரு லோக்கல் அட்மின் கணக்கை அழிக்காதீங்க, பாஸ்வேர்டை ஒரு தாள்ல எழுதி லொக்கர்ல வைங்க. டொமைன் என்னைக்காவது படுத்துட்டா நாஸுக்குள்ள போக இருக்கிற ஒரே வழி அதுதான்.

டிசியை பிங் பண்ணினா பதில் வருது, ஆனா சேர்க்கும்போது டொமைனைக் கண்டுபுடிக்க முடியலன்னு சொல்லுதே?

பிங் ஐபிக்குப் போகுது. நாஸ் தேடுறது ஐபியை இல்ல, இந்த டொமைனுக்கு டிசி யாருன்னு டிஎன்எஸ்கிட்ட கேக்குது. அந்தக் கேள்விக்குப் பதில் எஸ்ஆர்வி ரெக்கோர்ட்ங்கிற ஒரு வகைப் பதிவுல இருக்கு, அது உங்க டிசியோட டிஎன்எஸ்ல மட்டும்தான் இருக்கும். ரவுட்டருக்கோ கூகிளுக்கோ உங்க ஒபிஸ் டொமைன் உள்ள இருக்கிறதே தெரியாது. ஏதாவது ஒரு விண்டோஸ் கொம்பியூட்டர்ல இதைப் போட்டுப் பாருங்க, முதல்ல டிசிகிட்ட கேக்குது, அப்புறம் ரவுட்டர்கிட்ட கேக்குது:

```
nslookup -type=srv _ldap._tcp.dc._msdcs.office.example.lk 192.168.10.5
nslookup -type=srv _ldap._tcp.dc._msdcs.office.example.lk 192.168.10.1
```

முதல் வரிக்கு `dc01` பேர் வரும், ரெண்டாவதுக்கு அப்பிடி ஒரு பேரே இல்லன்னு வரும். நாஸ்ல டிஎன்எஸ் இடத்துல எந்த ஐபி இருக்குன்னு இப்பப் போய்ப் பாருங்க, பத்துக்கு எட்டுல ரவுட்டர்தான் இருக்கும், ஏன்னா டிஎச்சிபி அதைத்தான் குடுத்திருக்கும். அதை 192.168.10.5ன்னு மாத்துங்க.

இன்னொரு தப்பு ரொம்ப நல்ல எண்ணத்தோட நடக்கும், பாதுகாப்புக்குன்னு ரெண்டாவது டிஎன்எஸ்ஸா 8.8.8.8 போடுவாங்க. முதலாவது கொஞ்சம் தாமதிச்சா நாஸ் ரெண்டாவதுகிட்ட கேக்கும், அது அப்பிடி ஒரு டொமைனே இல்லன்னு அடிச்சுச் சொல்லும், நாஸும் அதை நம்பிடும். நாலு நாள் நல்லா ஓடிட்டு ஒரு நாள் காலையில யாருக்கும் திறக்காது, மத்தியானம் தானாச் சரியாகும், காரணமே புடிபடாது. ரெண்டாவது டிசி இருந்தா அதைப் போடுங்க, இல்லாட்டி அந்த இடம் காலியா இருக்கட்டும். நாஸுக்கு இன்டர்நெட் எப்பிடின்னா, வெளி உலகப் பேர்களை டிசியே வெளிய கேட்டுச் சொல்லும், அதுக்கு டிசியோட டிஎன்எஸ் ஃபோர்வர்டர்ல 8.8.8.8 போட்டுக்கலாம்.

ரெண்டுலயும் ஒரே டைம்தான் காட்டுது, ஆனாலும் டைம் வித்தியாசம்னு எரர் வருது. எப்பிடி?

இதுல நானே ஒரு பின்னேரம் முழுக்க மாட்டிக்கிட்டேன், அதனால விவரமாச் சொல்றேன். கெர்பரோஸ் கொடுக்கிற டிக்கெட்ல நேரம் குத்தியிருக்கும், டிசிக்கும் நாஸுக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா டிக்கெட் செல்லாது. ஆனா அது ஒப்பிடுறது சுவர்க் கடிகாரத்துல காட்டுற நேரத்தை இல்ல, யூடிசி நேரத்தை. நம்ம நாட்டு நேரம் யூடிசியை விட 5 மணி 30 நிமிஷம் முன்னாடி.

அந்த ஹட்டன் ஒபிஸ்ல நாஸை முதல்ல வச்ச ஆள் டைம் ஸோனை லண்டன்ல விட்டுட்டு, காட்டுற நேரம் பிழைக்குதேன்னு கையால மணியை மாத்தி வச்சிருந்தாரு. குளிர்காலம், லண்டன் நேரமும் யூடிசியும் ஒண்ணு. நான் பாத்தப்ப டிசியில காலை 10:20, நாஸ்லயும் 10:20. ஆனா டிசிக்கு அது யூடிசி 04:50, நாஸுக்கு யூடிசி 10:20. கண்ணுக்கு ஒரே நேரம், உள்ள 330 நிமிஷ வித்தியாசம். டைம் ஸோனைக் கொழும்புன்னு மாத்தின உடனே நாஸ் 15:50ன்னு காட்டுச்சு, அப்பதான் விஷயமே விளங்குச்சு. பிறகு கையால வைக்கிறதை விட்டுட்டு என்டிபி சர்வர் இடத்துல `dc01`ஐப் போட்டேன், 10:20க்கு வந்து நின்னுச்சு, அடுத்த தடவை அழுத்தினப்பவே சேர்ந்துடுச்சு.

நாஸ் டிசியைப் பாத்து நேரம் வைக்குதுன்னா டிசி யாரைப் பாக்குதுன்னும் பாக்கணும். டிசியில `w32tm /query /source` போடுங்க. `Local CMOS Clock`ன்னு வந்தா அது யாரையும் பாக்கல, தன் மதர்போட்ல இருக்கிற கடிகாரத்தை மட்டும் நம்பி ஓடுது. பழைய மெஷின்ல அந்தச் சின்ன பட்டரி செத்திருந்தா ஒரு நீளமான கரண்ட் கட்டுக்குப் பிறகு அது பல வருஷம் பின்னாடி போய் எழும்பும். இப்பிடிச் சரி பண்ணலாம்:

```
w32tm /config /manualpeerlist:"pool.ntp.org" /syncfromflags:manual /update
w32tm /resync
```

பட்டரியையும் மாத்திடுங்க, ஒரு சில நூறு ரூபா விஷயம்.

சரி, உண்மையில சேர்க்குறது எங்க, எதை அழுத்தணும்?

சினோலஜின்னா `Control Panel`ல `Domain/LDAP`, அங்க `Join`. கியூநெப்ன்னா `Control Panel`ல `Privilege`, அதுக்குள்ள `Domain Security`. டொமைன் பேரை முழுசாப் போடுங்க, `office.example.lk`ன்னு, சின்னப் பேரை மட்டும் போடாதீங்க. டிஎன்எஸ் கேட்டா டிசியோட ஐபி. அட்மின் பேரும் பாஸ்வேர்டும் கேக்கும், டொமைன் அட்மின் போட்டா போதும்.

சேர்ந்த உடனே டிசியில `Active Directory Users and Computers` திறந்து `Computers`ல பாருங்க, `NAS01`ன்னு ஒரு கணக்கு உருவாகியிருக்கும். மனுசங்களுக்கு மாதிரி நாஸுக்கும் அங்க ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் இருக்கு, அதை வச்சுத்தான் இனிமே டிசியோட பேசும். குப்பைன்னு நினைச்சு யாராவது அதை அழிச்சா அத்தோட உறவு முடிஞ்சுது, மறுபடி சேர்க்கணும். நாஸ் பக்கத்துல டொமைன் யூசர், டொமைன் குரூப் பட்டியல் தெரியுதான்னும் பாருங்க. அது தெரிஞ்சாத்தான் சேர்ந்ததுன்னு அர்த்தம்.

சேர்த்தாச்சு, இப்ப பழைய ஃபோல்டர் பர்மிஷன் எல்லாம் என்ன ஆகும்? ஃபைல் அழிஞ்சுடுமா?

ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது. பழைய லோக்கல் யூசரும் அவங்களுக்குக் குடுத்த அனுமதியும் அப்பிடியே இருக்கும். ஆனா நாஸோட கண்ணுக்கு லோக்கல் `kumar`உம் `OFFICE\kumar`உம் வேற வேற ஆள், பேர் ஒண்ணா இருக்கிறது அதுக்குப் பெருசில்ல. அதனால புது ஆளுக்கு அனுமதி நீங்கதான் குடுக்கணும். யூசர் ஒவ்வொருத்தராக் குடுக்காதீங்க, டிசியில குரூப் செஞ்சு குரூப்புக்குக் குடுங்க. அந்த ஒபிஸ்ல மூணே குரூப்தான் செஞ்சேன், `g-accounts`, `g-field`, `g-office`. இன்னைக்கு ஒரு புதுப் பிள்ளை வேலைக்கு வந்தா டிசியில ஒரு குரூப்ல போட்டா முடிஞ்சுது, நாஸைத் தொடவே தேவையில்ல.

மாத்துறதை ஒரே நாள்ல செய்யாதீங்க. நான் கணக்கு ஃபோல்டருக்கு `g-accounts`ஐச் சேத்தேன், பழைய லோக்கல் அனுமதியையும் ஒரு கிழமை விட்டு வச்சேன், முதல்ல கிளாக்கர் அக்கா ஒருத்தரை மட்டும் புது லாகின்ல வேலை செய்யச் சொன்னேன். அவங்க பழைய ஃபைல் ஒண்ணைத் திறந்து திருத்திச் சேவ் பண்ணவும், புது ஃபைல் ஒண்ணு செய்யவும், ஒண்ணை அழிக்கவும் முடியுதான்னு பாத்தேன். மூணும் சரின்னதும்தான் மத்தவங்களை மாத்தினேன், கடைசியில லோக்கல் யூசர்களை முடக்கினேன். அழிக்கல, முடக்கித்தான் வச்சேன், ஒரு மாசம் யாரும் கேக்காத பிறகு அழிச்சேன்.

ஒரு பொறி இருக்கு, கவனம். சினோலஜியில `No Access` எல்லாத்தையும் ஜெயிக்கும். கணக்கு ஃபோல்டரை மத்தவங்க பாக்கக் கூடாதுன்னு `domain users` குரூப்புக்கு `No Access` போட்டீங்கன்னா கணக்குப் பகுதி ஆட்களும் வெளிய நிப்பாங்க, ஏன்னா டொமைன்ல இருக்கிற எல்லாருமே `domain users`ல இருக்காங்க. யாருக்கு வேணாமோ அவங்களுக்கு ஒண்ணுமே டிக் பண்ணாம விடுங்க, அதுவே போதும்.

புதுப் பிள்ளையை குரூப்ல போட்டுட்டேன், ஆனா ஃபோல்டர் இன்னும் திறக்க மாட்டேங்குது?

அவங்க லொக் ஓஃப் ஆகி மறுபடி லாகின் ஆகட்டும். எந்தெந்த குரூப்ல இருக்கோம்ங்கிறது லாகின் ஆகிற நேரத்துல டிக்கெட்டுக்குள்ள எழுதப்படுது, அதுக்குப் பிறகு டிசியில மாத்தினது பழைய டிக்கெட்டுக்குத் தெரியாது. ஸ்கிரீனை மட்டும் லொக் பண்ணித் திறந்துட்டு லாகின் ஆயாச்சுன்னு சொல்வாங்க, முழுசா வெளிய வந்து போகச் சொல்லுங்க. புது குரூப்பே நாஸ் பட்டியல்ல வரலன்னா அது வேற, சினோலஜியில `Update domain data` அழுத்துங்க, வந்துடும்.

எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கேன், ஆனா ஒரே ஒரு கொம்பியூட்டர்ல மட்டும் பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டே இருக்கு?

அந்த மெஷின்ல பழைய நாஸ் பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருக்கு. முந்தி யாரோ `Remember my credentials` டிக் பண்ணியிருப்பாங்க. விண்டோஸ் இப்ப லாகின் ஆகியிருக்கிற ஆளை விட்டுட்டு அந்தப் பழைய லோக்கல் யூசரைத்தான் அனுப்பும், நீங்க அவரை முடக்கியாச்சு, அதான் கேட்டுக்கிட்டே இருக்கு. சில நேரம் 1219ன்னு எரர் வரும், ஒரே சர்வருக்கு ரெண்டு பேர்ல போக முடியாதுங்கிறது அதோட அர்த்தம். அந்த ஆளோட லாகின்லயே இதைப் போடுங்க, அட்மினாத் திறக்காதீங்க:

```
cmdkey /list
cmdkey /delete:nas01
net use * /delete
```

லிஸ்ட்ல `nas01`ன்னு இருக்கலாம், முழுப் பேரா இருக்கலாம், ஐபியா இருக்கலாம், எப்பிடி இருக்கோ அதையே போட்டு அழிக்கணும். கடைசி வரி மேப் பண்ணின டிரைவ் எல்லாத்தையும் கழட்டிடும், லொக் ஓஃப் ஆகி வந்து `\\nas01` வச்சு மறுபடி மேப் பண்ணிக்கோங்க. 14 மெஷின்ல 9ல இதைச் செய்ய வேண்டி வந்துச்சு, அதனால இதுக்கே ஒரு அரை நாள் ஒதுக்கி வைங்க.

`\\192.168.10.6` போட்டா திறக்குது, `\\nas01` போட்டா திறக்க மாட்டேங்குது. ஐபியிலயே விட்டுடவா?

விட்டுடாதீங்க, அது நோயோட அடையாளம். பேர் போட்டா விண்டோஸ் கெர்பரோஸ்ல போகும், ஐபி போட்டா கெர்பரோஸை விட்டுட்டு பழைய என்டிஎல்எம்ல போகும். ஆக என்டிஎல்எம் நடக்குது, கெர்பரோஸ்லயோ அந்தப் பேர்லயோதான் கோளாறுன்னு உங்க மெஷினே காட்டிக் குடுத்திருச்சு. முதல்ல மேல சொன்ன சேவ் ஆன பாஸ்வேர்ட் அந்தப் பேருக்கு மட்டும் இருக்கான்னு பாருங்க. பிறகு `nslookup nas01` போட்டு சரியான ஐபி வருதான்னு பாருங்க, நாஸோட ஐபியை எப்பவோ மாத்தியிருந்தா டிஎன்எஸ்ல பழசே கிடக்கும், இல்லாட்டி வேற மெஷினைக் காட்டும். அதுவும் சரின்னா `klist get cifs/nas01.office.example.lk` போடுங்க. டிக்கெட்டே கிடைக்கலன்னா டிசி பக்கமும் அந்தக் கொம்பியூட்டரோட டைமும், டிக்கெட் கிடைச்சும் நாஸ் ஏத்துக்கலன்னா நாஸோட டைம், அதாவது மேல எழுதின அந்த 330 நிமிஷக் கதை.

எங்க லப்டொப் பாதி விண்டோஸ் ஹோம், அது டொமைன்ல சேராதாமே. அப்ப இவ்வளவும் வீணா?

வீணில்ல. ஹோம் எடிஷன் டொமைன்ல சேராதுங்கிறது உண்மை, ஆனா நாஸ் சேர்ந்திருக்கு, அது போதும். அந்த லப்டொப்ல இருந்து `\\nas01` போனா பாஸ்வேர்ட் கேக்கும், பேரை `OFFICE\kumar`ன்னு போட்டு டொமைன் பாஸ்வேர்ட் குடுத்தா திறக்கும். அதாவது தானா நுழையிற வசதி அவங்களுக்கு இல்ல, ஆனா கணக்கு ஒண்ணுதான், ஆள் போனா டிசியில முடக்கினா நாஸும் மூடிடும். `OFFICE\` போடாம வெறும் `kumar`ன்னு போட்டா நாஸ் லோக்கல் யூசரைத் தேடலாம், பழைய லோக்கல் யூசர் அதே பேர்ல இருந்தா குழப்பம்தான். பாஸ்வேர்ட் மாத்தின அன்னைக்கு சேவ் பண்ணினதையும் மாத்தணும்னு இவங்களுக்குச் சொல்லி வைங்க, இல்லாட்டி பழைய பாஸ்வேர்டையே மெஷின் திரும்பத் திரும்ப அனுப்பி கணக்கு லொக் ஆகலாம்.

போட்டோகொப்பி மெஷின்ல ஸ்கேன் பண்ணினா நாஸ்ல போய் விழும், இப்ப நின்னு போச்சு. அதோட ஒருத்தரோட லாகினும் அடிக்கடி லொக் ஆகுது?

பெரும்பாலும் ரெண்டும் ஒரே கதைதான். யாரோ ஒருத்தரோட பேர்லயே ஸ்கேனை செட் பண்ணி வச்சிருப்பாங்க, அவர் பாஸ்வேர்டை மாத்திட்டாரு, மெஷின் பழசையே அனுப்புது. யார்கிட்ட இருந்து வருதுன்னு டிசியோட `Security` பதிவேட்டுல 4740 நம்பரைத் தேடினா எந்த மெஷின்ல இருந்து லொக் ஆச்சுன்னு பேர் இருக்கும்.

ஸ்கேனுக்கு நாஸ்லயே `scan`ன்னு ஒரு லோக்கல் யூசர் செஞ்சு, ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி குடுங்க. மனுசன் இல்லாத கணக்கு டொமைனுக்குள்ள வரத் தேவையில்ல, டிசி படுத்தாலும் ஸ்கேன் ஓடும். ரொம்பப் பழைய மெஷின்னா எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும், அதுக்காக நாஸ்ல எஸ்எம்பி 1ஐத் திறந்து விடாதீங்க, ஒபிஸ் முழுக்க ரான்சம்வேருக்குக் கதவு திறந்த மாதிரி. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எஃப்டிபி வச்சு, ஒபிஸ் நெட்வேர்க்குக்குள்ள மட்டும் ஓட விடுங்க.

இங்க மழை இடின்னா கரண்ட் போகும். சர்வர் எழும்பலன்னா அன்னைக்கு யாருமே வேலை செய்ய முடியாதா?

உடனே எல்லாம் நிக்காது. விண்டோஸ் மெஷின் முந்தி லாகின் ஆன ஆட்களை ஞாபகம் வச்சிருக்கும், ஒரு மெஷினுக்கு 10 பேர் வரைக்கும், அதனால கொம்பியூட்டருக்குள்ள போகலாம். நாஸ் டிக்கெட் 10 மணித்தியாலத்துக்குச் செல்லும், ஆனா காலையிலயே டிக்கெட் எடுத்து வச்சவங்களுக்குத்தான். கரண்ட் போய் கொம்பியூட்டரும் அணைஞ்சு எழும்பினா கையில டிக்கெட் இருக்காது, டிசி வர்ற வரைக்கும் நாஸ் திறக்காது. அந்த நேரத்துல அவசர ஃபைல் எடுக்கத்தான் முன்னாடி சொன்ன லோக்கல் அட்மின் கணக்கு.

எழும்புற வரிசை முக்கியம். டிசியோட பயோஸ்ல கரண்ட் வந்ததும் தானா எழும்புறதை ஓன் பண்ணி வைங்க, நிறைய மெஷின்ல அது ஓஃப்ல வரும், யாராவது போய் பட்டனை அழுத்துற வரைக்கும் சர்வர் தூங்கும். நாஸ் டிசிக்கு முந்தி எழும்பி டொமைன் இல்லன்னு நின்னா டிசி வந்த பிறகு நாஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. டிசி, நாஸ், சுவிட்ச் மூணையும் ஒரே யூபிஎஸ்ல போடுங்க. சுவிட்சை மறந்துட்டு மத்த ரெண்டை மட்டும் யூபிஎஸ்ல வச்ச ஒபிஸைப் பாத்திருக்கேன், ரெண்டும் உயிரோட இருக்கும், ஒண்ணோட ஒண்ணு பேச முடியாது.

பழைய சர்வர் ஒரேயடியா செத்துப் போச்சு. புது மெஷின்ல அதே டொமைன் பேர், அதே யூசர் பேர் எல்லாம் போட்டுட்டேன், ஆனா நாஸ்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் திறக்கல?

பேர் ஒண்ணுதான், டொமைன் வேற. நாஸ் ஃபோல்டர் அனுமதியில பேரை எழுதி வைக்கிறதில்ல, எஸ்ஐடிங்கிற நீளமான நம்பரைத்தான் அடிப்படையா வச்சிருக்கு. புதுசா டொமைன் செய்யும்போது எல்லாருக்கும் புது நம்பர் வரும், பழைய `kumar`க்குக் குடுத்த அனுமதி புது `kumar`க்குச் செல்லாது. அனுமதிப் பக்கத்துல பேருக்குப் பதிலா `S-1-5-21-`ன்னு தொடங்குற நம்பர் தெரிஞ்சா அது செத்துப்போன டொமைனோட ஆள்.

இப்ப செய்ய வேண்டியது, லோக்கல் அட்மின்ல போய் நாஸைப் பழைய டொமைன்ல இருந்து விலக்கி, புதுசுல சேர்த்து, குரூப் அனுமதியை மறுபடி குடுக்கிறது. மூணு குரூப் வச்சவங்களுக்கு இது ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா அனுமதி குடுத்தவங்களுக்கு ரெண்டு மூணு நாள். பெர்சனல் ஹோம் ஃபோல்டர்ல இருக்கிறதை அட்மின்ல இருந்து புது ஃபோல்டருக்கு மாத்திக் குடுக்கணும். அடுத்த தடவைக்கு டிசியில விண்டோஸ் சர்வர் பேக்கப்பைப் போட்டு சிஸ்டம் ஸ்டேட்டை ஒரு யூஎஸ்பி டிஸ்க்ல எடுத்து வைங்க, அதுல இருந்து மீட்டா பழைய நம்பர்களே திரும்ப வரும். அந்த பேக்கப்பை டொமைன்ல சேர்ந்த நாஸ்ல மட்டும் வைக்காதீங்க, டிசி இல்லாத அன்னைக்குத்தான் அது தேவைப்படும்.